செவலைக் குட்டிக்குச் செவலைதான் அப்பாவா?

கேள்வி: எங்கள் பூனையும் அது ஈன்ற நான்கு குட்டிகளும் இந்தப் படத்தில் இருக்கின்றன. குட்டிகளுக்கு எட்டு வாரம். செவலையும் சாம்பலும் கடுவன். கருப்பு வெள்ளையும் கலப்பு நிறமும் பெட்டை. ஒவ்வொன்றின் நிறத்துக்கும் சரியான பெயர் என்ன? பக்கத்தில் ஒரு செவலைக் கடுவனும் ஒரு முழுக் கருப்புக் கடுவனும் திரிகின்றன. செவலைக் குட்டி பிறந்திருப்பதால் செவலைதான் அப்பா என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். சரியா?

பதில்:

பெயர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். தாய், வெள்ளை கலந்த ஆமையோட்டு நிறப் பூனை. காலிகோ என்று சொல்வதும் இதைத்தான். செவலைக் குட்டியின் பெயர் செந்நிற டேபி; டேபி என்றால் வரிப்பூனை. சாம்பல் குட்டியை வெறும் சாம்பல் என்று சொல்லக்கூடாது, அதன் உடலில் வரிகள் இருக்கின்றன. அது நீல டேபி. பூனை வளர்ப்பவர்கள் சாம்பலை நீலம் என்று சொல்வது வழக்கம். கருப்பு வெள்ளைப் பெட்டை, இருநிறப் பூனை. நான்காவது குட்டி வெள்ளை இல்லாத ஆமையோட்டு நிறம்.

வீட்டில் சொல்வது சரியில்லை. செவலைக் குட்டி தன் தகப்பனின் செந்நிறத்தைப் பற்றி ஒரு தகவலும் தராது. படத்தில் அதைப் பற்றிப் பேசுவது கருப்பு வெள்ளைப் பெட்டைதான். அவள் செவலைக் கடுவனின் மகளாக இருக்க முடியாது. சாம்பல் வரிக் குட்டியோ கருப்புக் கடுவனின் மகனாக இருக்க முடியாது. ஆகவே ஒன்று, இந்த ஈற்றுக்கு இரண்டு தகப்பன்கள். அல்லது நீங்கள் பார்க்காத மூன்றாவது கடுவன் ஒன்று உண்டு. எப்படி இந்த முடிவுக்கு வந்தேன் என்பதை ஒவ்வொரு பூனையாகச் சொல்கிறேன்.

படத்தில் ஒரு பூனையைப் பார்த்ததும் நான் செய்யும் முதல் வேலை, வெள்ளையைக் கண்ணிலிருந்து அகற்றுவது. பூனையின் உடலில் வெள்ளை என்பது ஒரு நிறமே அல்ல. நிறம் வந்து சேராத இடம். கருவில் நிறமிச் செல்கள் முதுகெலும்பை ஒட்டிய பகுதியில் தோன்றி, அங்கிருந்து இரண்டு பக்கமும் கீழே நகர்ந்து உடலெங்கும் பரவ வேண்டும். கிட் என்னும் மரபணுவில் ஒரு பழைய வைரஸின் துண்டு செருகிக்கொண்டிருந்தால் அந்தப் பரவல் பாதியில் நின்றுவிடுகிறது. அதனால்தான் முதுகிலிருந்து தொலைவில் இருக்கும் இடங்கள், அதாவது பாதம், வயிறு, மார்பு, மூக்கைச் சுற்றிய பகுதி ஆகியவை முதலில் வெள்ளையாகின்றன. மழைக்கால ஓடையில் தண்ணீர் கடைசி வயலுக்கு எட்டாமல் போவது போலத்தான் இது. எனவே வெள்ளையை ஒரு துணி போர்த்தியிருப்பதாக எண்ணிக்கொண்டு, அந்தத் துணியின் கிழிசல்கள் வழியாகத் தெரியும் பூனை எது என்று பாருங்கள். அடிப்படை நிறம் கருப்பா, செந்நிறமா, இரண்டுமா? வரி இருக்கிறதா? நிறம் அடர்த்தியா, வெளிறியதா? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிட்டால் பெயர் கிடைத்துவிடும். வெள்ளையைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம்.

உங்கள் தாய்ப்பூனையின் வெள்ளையை இப்படி அகற்றிவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது பெரிய பெரிய கருப்புத் திட்டுகளும் செந்நிறத் திட்டுகளும். இந்த இரண்டு நிறமும் ஒரே உடலில் இருப்பதற்குப் பெயர்தான் ஆமையோட்டு நிறம். இது எப்படி வருகிறது என்பதில்தான் உங்கள் கேள்வியின் விடை முழுவதும் அடங்கியிருக்கிறது. ஆகையால் இங்கே சற்று நிற்கிறேன்.

பூனையின் செந்நிறத்தைத் தீர்மானிக்கும் இடம் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஏ.ஆர்.எச்.ஜி.ஏ.பி.36 என்னும் மரபணுவின் அருகே சுமார் 5,000 எழுத்துகள் நீளமுள்ள ஒரு துண்டு விடுபட்டுப் போனதுதான் காரணம் என்று ஜப்பானின் கியூஷூ பல்கலைக்கழகக் குழுவும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழுவும் 2025-இல் வெளியிட்டன. நிறமிச் செல்லில் சாதாரணமாக உறங்கிக் கிடக்கும் அந்த மரபணு, துண்டு விடுபட்டதும் விழித்துக்கொள்கிறது. அதன் விளைவாக அந்தச் செல் கருப்பு நிறமியை விட்டுவிட்டுச் செந்நிறமியைச் செய்யத் தொடங்குகிறது. துண்டு விடுபட்ட எக்ஸ் குரோமோசோமை இனிச் 'செந்நிற எக்ஸ்' என்றும், விடுபடாததைக் 'கருப்பு எக்ஸ்' என்றும் சொல்கிறேன்.

பெட்டைக்கு இரண்டு எக்ஸ் உண்டு. ஒன்று தாயிடமிருந்து, மற்றொன்று தகப்பனிடமிருந்து. கடுவனுக்கு ஒரே ஒரு எக்ஸ்தான், அது தாய் கொடுத்தது. தகப்பன் அவனுக்குக் கொடுத்தது ஒய் குரோமோசோம்; அதில் செந்நிறத்துக்கு இடமே இல்லை.

இரண்டு எக்ஸ் இருக்கும் பெட்டையின் ஒவ்வொரு செல்லிலும் ஒரு எக்ஸ் மட்டுமே வேலை செய்யும். மற்றொன்று சுருண்டு அடங்கிவிடும். எது அடங்குவது என்பது கரு மிகச் சிறியதாக இருக்கும்போதே செல்லுக்குச் செல் தற்செயலாக முடிவாகிவிடுகிறது. பிறகு அந்தச் செல்லிலிருந்து பெருகும் எல்லாச் செல்களும் அதே முடிவைப் பின்பற்றுகின்றன. மேரி லயன் என்ற பிரிட்டிஷ் மரபியலாளர் 1961-இல் இதை முன்வைத்தார். செந்நிற எக்ஸ் ஒன்றும் கருப்பு எக்ஸ் ஒன்றுமாக உள்ள பெட்டையின் தோலில் இந்த முடிவுகளின் வரைபடத்தையே நாம் பார்க்கிறோம். செந்நிறத் திட்டு இருக்கும் இடத்தில் கருப்பு எக்ஸ் அடங்கியிருக்கிறது. கருப்புத் திட்டில் செந்நிற எக்ஸ் அடங்கியிருக்கிறது.

இந்தத் திட்டுகளின் அமைப்பு குட்டிக்கு மரபாகக் கடத்தப்படுவதில்லை. அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தில் ரெயின்போ என்ற காலிகோ பூனையை நகலெடுத்து, 2001 டிசம்பரில் சிசி என்ற குட்டியைப் பிறக்கவைத்தார்கள். உலகின் முதல் நகல் பூனை அது. மரபணுக்கள் அச்சு அசலாக ஒன்றே. ஆனால் குட்டியின் உடலில் செந்நிறம் துளிகூட இல்லை. நகலெடுக்கப் பயன்படுத்திய செல்லில் செந்நிற எக்ஸ் ஏற்கெனவே அடங்கிப்போயிருந்தது. அந்த அடக்கம் அப்படியே தொடர்ந்துவிட்டது. தாயின் முகத்தில் இடது கண்ணைச் சுற்றிக் கருப்பு இருக்கிறதே, மகளுக்கும் அதே இடத்தில் வருமா என்று பலர் கேட்பதுண்டு. வந்தால் அது தற்செயல்தான்.

இனி நான்காவது குட்டியைத் தாயின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் படத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. தாயின் உடலில் கருப்பும் செந்நிறமும் தனித்தனித் தீவுகளாக, வெட்டி ஒட்டியது போல இருக்கின்றன. மகளின் உடலில் இரண்டும் கேழ்வரகும் தினையும் கலந்து கொட்டியது போல மயிருக்கு மயிர் கலந்து கிடக்கின்றன. இருவரிடமும் செந்நிற எக்ஸ் ஒன்று, கருப்பு எக்ஸ் ஒன்று. வேறுபாட்டைச் செய்வது வெள்ளைதான். வெள்ளைக்கான மரபணு இல்லாத குட்டியின் உடலில் நிறமிச் செல்கள் ஏராளமாக நகர்ந்து வந்து ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. வெள்ளை உள்ள பூனையில் வந்து சேரும் செல்கள் குறைவு. அந்தச் சிலவே பெருகி இடத்தை நிரப்ப வேண்டியிருப்பதால், ஒவ்வொன்றின் வழித்தோன்றல்களும் ஒரு பெரிய திட்டாகத் தெரிகின்றன. ஆகவே காலிகோவும் ஆமையோட்டு நிறமும் இரண்டு வெவ்வேறு மரபு அல்ல. ஒன்றின் மேல் வெள்ளை சேர்ந்தால் மற்றொன்று.

இந்த மகளுக்கு ஒரு எக்ஸ் தாயிடமிருந்தும் ஒரு எக்ஸ் தகப்பனிடமிருந்தும் வந்தது. தாயிடம் இரண்டு வகையும் இருக்கின்றன. தாய் செந்நிறத்தைக் கொடுத்திருந்தால் தகப்பன் கருப்பைக் கொடுத்திருப்பான். தாய் கருப்பைக் கொடுத்திருந்தால் தகப்பன் செந்நிறத்தைக் கொடுத்திருப்பான். இரண்டில் எது என்று அவளைப் பார்த்துச் சொல்ல வழியே இல்லை. இவள் எந்தப் பக்கமும் சாட்சி சொல்ல மாட்டாள்.

செவலைக் குட்டி கடுவன். அவனுடைய ஒரே எக்ஸ் தாய் கொடுத்தது. தாயிடம் செந்நிற எக்ஸ் இருப்பது அவள் உடலிலேயே தெரிகிறது. அவ்வளவுதான் கதை. தகப்பன் செவலையாக இருந்தாலும் கருப்பாக இருந்தாலும் இந்தக் குட்டி செவலையாகத்தான் பிறந்திருக்கும். இப்படிப்பட்ட தாய்க்குப் பிறக்கும் கடுவன் குட்டிகளில் ஏறக்குறைய பாதி செவலையாக இருக்கும், தகப்பன் யாராக இருந்தாலும். இதே குட்டி பெட்டையாக இருந்திருந்தால் நிலைமை வேறு. முழுச் செவலைப் பெட்டைக்கு இரண்டு எக்ஸும் செந்நிறமாக இருக்க வேண்டும். அதில் ஒன்று தகப்பனிடமிருந்து வந்தே ஆக வேண்டும். அப்போது உங்கள் வீட்டார் சொல்வது அந்த ஒரு குட்டிக்காவது சரியாக இருந்திருக்கும்.

அவன் நெற்றியில் ஆங்கில 'எம்' எழுத்துப் போன்ற கோடு இருக்கிறது. விலாவில் மெல்லிய செங்குத்து வரிகள் இருக்கின்றன. மீனின் முள்ளைப் போல நெருங்கி இறங்கும் இந்த வகை வரியை மெக்கரல் டேபி என்பார்கள். விலாவில் சுருள்போல அகன்ற பட்டைகள் இருந்தால் பிளாட்ச்டு டேபி. இவ்விரண்டில் மெக்கரல்தான் ஓங்கு பண்பு. புள்ளிகளாக உடைந்த வரிகளும் உண்டு. உடலில் வரியே தெரியாமல் ஒவ்வொரு மயிரும் மட்டும் நிறம் மாறி மாறி இருக்கும் டிக்டு வகையும் உண்டு. உங்கள் படத்தில் அவை இல்லாததால் அவற்றுக்குள் போகவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். செவலைப் பூனை எதுவானாலும் வரி தெரியும். இதை வைத்து அதன் தகப்பன் வரிப்பூனை என்று சொல்லக்கூடாது. காரணம் அடுத்த குட்டியைப் பார்த்தால் புரியும்.

வரிகள் தெரிவதற்கு அகூட்டி என்ற மரபணு வேலை செய்ய வேண்டும். சாம்பல் குட்டியின் விலாவிலிருந்து ஒரு மயிரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் அது முழுக்க ஒரே நிறமாக இருக்காது. நுனியில் கருமை, அதற்குக் கீழே வெளிறிய வளையம், மீண்டும் கருமை என்று பட்டை பட்டையாக இருக்கும். வரியின் மேல் இருக்கும் மயிரில் இந்த வெளிறிய வளையம் ஏறக்குறைய இருக்காது. இந்த வேறுபாடுதான் வரியாகத் தெரிகிறது. அகூட்டி மரபணுவின் இரண்டு பிரதியும் செயலிழந்திருந்தால் எல்லா மயிரும் அடி முதல் நுனி வரை கருப்பாகிவிடும். அடியில் வரியின் திட்டம் இருந்தும் கண்ணுக்குத் தெரியாது. அதுதான் முழுக் கருப்புப் பூனை. கருப்புப் பூனையை வெயிலில் பார்க்கும்போது மங்கலான வரிகள் தோன்றி மறைவதை நீங்கள் கண்டிருக்கலாம். மறைந்து கிடக்கும் வரி அது. இந்தச் செயலிழப்பு கருப்பு நிறமியின் மீது மட்டுமே செல்லும். செந்நிறமியை அது தொடுவதில்லை. அதனால்தான் செவலைப் பூனையில் வரி எப்போதும் வெளியே தெரிகிறது, அதன் அகூட்டி எப்படி இருந்தாலும்.

இப்போது தாயிடம் திரும்பிப் போவோம். அவளுடைய செந்நிறத் திட்டுகளில் வரி தெரிகிறது, அது இயல்பு. கருப்புத் திட்டுகளில் வரி இல்லை. மை போல ஒரே கருப்பு. ஆகவே அவளுடைய அகூட்டியின் இரண்டு பிரதியும் செயலிழந்தவை. அவளிடமிருந்து எந்தக் குட்டிக்கும் செயல்படும் அகூட்டி கிடைக்காது. ஆனால் சாம்பல் குட்டியின் உடலில் தெளிவான வரி இருக்கிறது, அவன் செவலையும் அல்ல. அவனுக்குச் செயல்படும் அகூட்டியைக் கொடுத்தது தகப்பன்தான். முழுக் கருப்புக் கடுவனிடம் அது கிடையாது. இருந்திருந்தால் அவன் முழுக் கருப்பாக இருந்திருக்க மாட்டான். கருப்புக் கடுவன் இந்தக் குட்டியின் தகப்பன் அல்ல என்று உறுதியாகச் சொல்வது இதனால்தான்.

அவனது சாம்பல் நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது தனி நிறம் அல்ல, வெளிறிய கருப்பு. மெலனோஃபிலின் என்ற மரபணுவின் இரண்டு பிரதியும் பழுதாகும்போது நிறமித் துகள்கள் மயிரில் சீராகப் பரவாமல் கட்டி கட்டியாகத் தங்கிவிடுகின்றன. கருப்பு சாம்பலாகத் தெரிகிறது, செந்நிறம் வெளிர் மஞ்சளாகத் தெரிகிறது. இது ஒடுங்கு பண்பு. தாய் ஒன்று, தகப்பன் ஒன்று என இருவரும் கொடுத்தால்தான் வெளியே வரும். உங்கள் தாய்ப்பூனையின் அடர்கருப்புக்குள் இந்தப் பழுதான பிரதி ஒன்று மறைந்திருக்கிறது என்பது இந்தக் குட்டியால் தெரியவருகிறது. அவன் தகப்பனிடமும் ஒன்று இருக்கிறது. தகப்பன் சாம்பலாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இவனுடைய தாடையின் கீழே வெண்மையாக இருப்பதைப் பார்த்து வெள்ளை கலந்த டேபி என்று எழுதிவிட வேண்டாம். டேபிகளுக்குத் தாடையும் உதட்டோரமும் இயல்பாகவே வெளிறியிருக்கும். உண்மையான வெள்ளையா என்று சந்தேகம் வந்தால் நான் பாதத்தைப் பார்ப்பேன். கால் விரல்களில் தூய வெள்ளை இருந்து, அங்கே உள்ளங்கால் இளஞ்சிவப்பாகவும் இருந்தால் அது வெள்ளைக்கான மரபணு. இவனது விரல்கள் முழுக்கச் சாம்பல். செவலைக் குட்டியிடமும் ஆமையோட்டு நிறக் குட்டியிடமும் வெள்ளை இல்லை. தாயிடம் வெள்ளைக்கான பிரதி ஒன்றுதான் இருக்கிறது என்பதற்கு இதுவே சான்று. இரண்டு இருந்திருந்தால் ஒவ்வொரு குட்டிக்கும் ஒன்று போயிருக்கும்.

கடைசியாகக் கருப்பு வெள்ளைப் பெட்டை. மார்பிலும் நான்கு பாதங்களிலும் வெள்ளை, மற்ற இடமெல்லாம் கருப்பு. இருநிறத்தில் இந்த அமைப்பை டக்சீடோ என்றும் சொல்வார்கள். வெள்ளை தாயிடமிருந்தே வந்திருக்கலாம். அதற்குத் தகப்பன் தேவையில்லை. அவளிடம் இல்லாத ஒன்றுதான் இங்கே முக்கியம். அவள் உடலில் செந்நிறம் இல்லை. பெட்டையாதலால் அவளுக்கு இரண்டு எக்ஸ். இரண்டும் கருப்பு எக்ஸ். ஒன்று தாய் கொடுத்தது. மற்றொன்றைத் தகப்பன் கொடுத்தான். செவலைக் கடுவனிடம் இருப்பது ஒரே ஒரு எக்ஸ், அது செந்நிறம். மகளுக்கு அவனால் வேறு எதையும் கொடுக்க முடியாது. செவலைக் கடுவனின் மகள்கள் எல்லோரும் செவலையாகவோ ஆமையோட்டு நிறமாகவோதான் இருப்பார்கள். முழுக் கருப்பு மகள் ஒருபோதும் பிறக்காது.

இவற்றைச் சேர்த்துப் பார்ப்போம். கருப்புக் கடுவன் மட்டும் தகப்பன் என்றால் கருப்பு வெள்ளைப் பெட்டையும் ஆமையோட்டு நிறப் பெட்டையும் செவலைக் குட்டியும் பொருந்துகின்றன. சாம்பல் வரிக் குட்டி வெளியே நிற்கிறான். செவலைக் கடுவன் மட்டும் என்றால் சாம்பல் வரிக் குட்டி பொருந்துகிறான், ஏனென்றால் செவலையின் உடலில் செயல்படும் அகூட்டியும் சாம்பலுக்கான ஒடுங்கிய பிரதியும் வெளியே தெரியாமல் இருக்கலாம். ஆனால் கருப்பு வெள்ளைப் பெட்டை வெளியே நிற்கிறாள். இரண்டு கடுவன்களும் தகப்பன் என்றால் நால்வரும் பொருந்திவிடுகிறார்கள். பூனைகளில் இது அபூர்வம் அல்ல. இணைசேர்ந்த பிறகே கருமுட்டை வெளிப்படும் உயிரினம் பூனை; பருவத்தில் இருக்கும் சில நாள்களுக்குள் பெட்டை பல கடுவன்களோடு சேர்ந்தால் ஒரே ஈற்றில் வெவ்வேறு தகப்பன்களின் குட்டிகள் பிறக்கும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. எனக்கு அதுவே கூடுதலாக மனதில் படுகிறது. மணல் நிறத் தரையில் கரிய வரிகள் ஓடும் சாதாரண வரிப்பூனை, அதாவது பழுப்பு டேபிக் கடுவன் ஒன்று போதும். பெயரில் பழுப்பு இருந்தாலும் மரபின்படி அவன் கருப்புப் பூனைதான்; அவனிடம் இருப்பது கருப்பு எக்ஸ். அகூட்டியில் செயல்படும் பிரதி ஒன்றும் செயலிழந்த பிரதி ஒன்றும் அவனிடம் இருந்து, சாம்பலுக்கான பிரதி ஒன்றும் மறைந்திருந்தால், நான்கு குட்டிகளையும் அவன் ஒருவனே தந்திருக்க முடியும். சாம்பல் குட்டிக்குச் செயல்படும் அகூட்டியையும் கருப்பு வெள்ளைப் பெட்டைக்குச் செயலிழந்ததையும் கொடுத்திருப்பான். இந்த நிறத்துக் கடுவன்கள் எங்கும் சாதாரணமாகத் திரிபவை. இரவில் மட்டும் வந்து போகிறவன் உங்கள் கண்ணில் படாமல் இருந்திருக்கலாம்.

இந்தத் தர்க்கம் முழுவதும் மூன்று தூண்களின் மேல் நிற்கிறது. அவற்றில் ஒன்று சாய்ந்தாலும் முடிவு மாறும். முதலாவது, குட்டிகளின் பால், அதாவது கடுவனா பெட்டையா என்பது. எட்டு வாரத்தில் தவறாகப் பார்ப்பது மிக எளிது. வாலைத் தூக்கிப் பார்த்தால், பெட்டைக்கு ஆசனத் துளைக்கு மிக அருகிலேயே சிறிய நீளப்பிளவு இருக்கும். கடுவனுக்குச் சற்றுத் தள்ளி வட்டமான துளை இருக்கும், இடையில் விதைப்பை லேசாகப் புடைத்திருக்கும். கருப்பு வெள்ளைக் குட்டி கடுவன் என்று தெரியவந்தால் அவனுடைய கருப்பு முழுவதும் தாய் கொடுத்ததாகிவிடும். செவலைக் கடுவன் மீதான தடை அன்றே விலகிவிடும். ஆமையோட்டு நிறக் குட்டியின் பாலில் எனக்குச் சந்தேகம் இல்லை. இந்த நிறத்தில் கடுவன் பிறப்பது ஏறக்குறைய மூவாயிரத்தில் ஒன்று என்பார்கள். அவற்றில் பெரும்பாலானவை கூடுதல் எக்ஸ் ஒன்றோடு பிறந்து மலடாக இருப்பவை.

இரண்டாவது, தாயின் கருப்புத் திட்டுகள். படம் நிழலில் எடுத்தது. நிழலில் எடுத்த படத்தில் மெல்லிய வரி கரைந்துபோகும். அவளை வெளியே, நேர் வெயிலில் அல்லாமல் வெளிச்சமான திறந்த இடத்தில் வைத்து, நெற்றியிலும் முன்னங்காலிலும் இருக்கும் கருப்பை நெருக்கமாகப் படம் எடுங்கள். மயிரை விரலால் ஒதுக்கி அடிப்பகுதியையும் பாருங்கள். கருப்பில் தெளிவான வரியும் மயிரில் வெளிறிய வளையமும் தெரிந்தால் அவள் வரியோடு கூடிய ஆமையோட்டு நிறம், அதாவது டார்பி. அப்படியானால் சாம்பல் குட்டிக்கு அகூட்டியை அவளே கொடுத்திருக்கலாம். கருப்புக் கடுவன் ஒருவனே நால்வருக்கும் தகப்பனாக இருக்க இடம் உண்டாகும். கருப்பு மயிர் வெயிலில் துருநிறமாக மாறுவதும் உண்டு, அதைச் செந்நிறத் திட்டு என்று எண்ணிவிடக்கூடாது. துருவேறிய மயிரை ஒதுக்கினால் அடியில் கருப்பு இருக்கும்; செந்நிற மயிர் அடி வரை செந்நிறமாகவே இருக்கும்.

மூன்றாவதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கருப்பு வெள்ளைப் பெட்டையை வைத்து இதே போல ஒரு செவலைக் கடுவனுக்குத் தொடர்பில்லை என்று சொல்லிவிட்டேன். அவள் வளர்ந்து குட்டி போட்டபோது பிறந்த கடுவன்களில் ஒன்று செவலை. அவளைப் புரட்டிப் பார்த்தபோது பின்னங்காலின் உட்புறத்தில், வெள்ளைக்கும் கருப்புக்கும் நடுவே, கட்டைவிரல் நகத்தளவு செந்நிறம் இருந்தது. அவள் இருநிறப் பூனை அல்ல. ஏறக்குறைய முழுவதும் செந்நிற எக்ஸ் அடங்கிப்போன, அல்லது செந்நிறம் வந்திருக்க வேண்டிய இடத்தை வெள்ளை மூடிக்கொண்ட காலிகோ. எக்ஸ் அடங்குவது தற்செயல் என்பதால் கருப்பும் செந்நிறமும் சரிபாதியாக வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

உங்கள் கருப்பு வெள்ளைப் பெட்டையின் ஒரு பக்கம் மட்டுமே படத்தில் தெரிகிறது. அவளை எடுத்து மறுபக்கம், வயிறு, தாடையின் கீழ், நான்கு கால்களின் உட்புறம், விரல்களின் இடுக்கு, வாலின் அடி என்று ஒவ்வொரு இடமாகப் பாருங்கள். கருப்பும் வெள்ளையும் சந்திக்கும் எல்லைகளில் நிதானமாகத் தேடுங்கள். எங்கும் செந்நிறம் இல்லையென்றால் மேலே சொன்ன முடிவு அப்படியே நிற்கும். சிறிய ஒரு திட்டு கிடைத்தாலும் அவள் பெயர் காலிகோ ஆகிவிடும். செவலைக் கடுவன் ஒருவனே நான்கு குட்டிகளுக்கும் தகப்பன் என்பது அப்போது முழுவதும் பொருந்தும்.